லிப்ட் லாபி ரெண்டர்: ஸ்டீல் கதவு சாம்பல் பலகை மாதிரியே வருது, உதவி வேணும்

கவின், செந்தூல்
வணக்கம் எல்லாருக்கும். கெப்போங் பக்கம் கட்டப்போற ஒரு கொண்டோவுக்கு லிப்ட் லாபி ரெண்டர் பண்ணிக்கிட்டு இருக்கேன், பிளெண்டர் 4.2, சைக்கிள்ஸ்லதான். ரெண்டு லிப்ட், ஸ்டீல் கதவு, மேல மாடி நம்பர் காட்டுற டிஸ்ப்ளே, கீழ 600க்கு 600 பாலிஷ் டைல்ஸ், சுவர் முழுக்க வெளிச்சம் சீரா இருக்கணும்னு டிசைனர் கேட்டிருக்காங்க. சுவர் ஓரளவுக்கு வந்துடுச்சு, கதவுதான் உயிரே இல்லாம பெயிண்ட் அடிச்ச பலகை மாதிரி கிடக்கு. Metallic 1, Roughness 0.3 வச்சிருக்கேன். லைட்டைக் கூட்டினா சுவர் வெளுத்துப்போகுது, கதவு அப்படியேதான் இருக்கு. லாபி ஆழம் 2.4 மீட்டர்தான், உள்ள நின்னா ரெண்டு கதவும் ஃபிரேம்ல அடங்கல, அதனால எதிர் சுவரை எடுத்துட்டு கேமராவைப் பின்னால தள்ளி வச்சிருக்கேன். மெட்டீரியல்ல எதை மாத்தணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மணி
கதவுக்குப் பிரதிபலிக்க ஒன்னும் இல்ல, அதான் விஷயம். நல்ல HDRI ஒன்னு போடு, வானம் மேகம் உள்ள படம், ஸ்டீல் உடனே மின்னும். தரையும் மின்னணும்னா அதுக்கும் Metallic 0.5 கிட்ட ஏத்திடு.

முனியாண்டி, ஜெலுத்தோங்
தம்பி, கண்ட்ரோல் பேனல் என்ன மாடல்? கதவு சரியா வரலன்னா முதல்ல கீழ கதவு ஓடுற காடி இருக்குற சில்லுல கல்லு, குப்பை மாட்டியிருக்கான்னு பாரு, பாதி கேஸ் அதுதான். டிஸ்ப்ளே நம்பர் ஓடுதா இல்ல ஒரே மாடியில நிக்குதா?

கவின், செந்தூல்
அண்ணே, இது நெஜ லிப்ட் இல்ல, கம்ப்யூட்டர்ல வரையுற படம். ஆனா நீங்க லிப்ட் வேலை பார்க்குறவர்னா ஒரு உதவி, நெஜக் கதவுல கோடு எந்தப் பக்கம் ஓடும்?

முனியாண்டி, ஜெலுத்தோங்
ஓ படமா, சரி சரி. நாங்க மாட்டுறது பெரும்பாலும் ஹேர்லைன் ஸ்டெயின்லெஸ், கோடு மேலிருந்து கீழதான் ஓடும். தகடு மெல்லிசு, அதனால கதவு கண்ணாடி மாதிரி நேரா இருக்காது, சாய்வாப் பார்த்தா நடுவுல லேசா அலை தெரியும். டிஸ்ப்ளேல சிவப்புப் புள்ளிகளால வர்ற நம்பர், முன்னாடி கறுத்த அக்ரிலிக் இருக்கும், அணைஞ்சிருக்குற புள்ளி ஒன்னும் கண்ணுக்குத் தெரியக்கூடாது. நம்ம ஊர் கொண்டோன்னா நிறைய இடத்துல 4 இருக்காது, 3A தான், அதைப் பார்த்துப் போடு.

ஷாமினி, பினாங்கு
கவின், மெட்டீரியலை இப்போதைக்குத் தொடவேணாம். ஸ்டீலுக்குன்னு சொந்த நிறம் கிடையாது, எதிர்ல என்ன இருக்கோ அதுதான் அதோட நிறம். நீங்க எதிர் சுவரை எடுத்துட்டீங்க, அதனால கதவு பார்க்குறது உங்க வேர்ல்டோட வெறும் சாம்பலை. லைட்டைக் கூட்டினாலும் கதவு மாறாததுக்கு அதான் காரணம், அந்த வெளிச்சம் விழுற சுவர் எதுவும் கதவுக்கு நேர்ல இல்ல.

சந்தேகம்னா கதவு Roughness-ஐ 0 ஆக்கி ஒரு சின்ன ரெண்டர் எடுத்துப் பாருங்க, கதவு கண்ணாடி ஆயிடும், அது எதைப் பார்க்குதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

எதிர் சுவரைத் திரும்ப வைங்க, கேமரா அதுக்குப் பின்னாலயே இருக்கட்டும். சுவரை செலக்ட் பண்ணி Object Properties, Visibility, Ray Visibility போய் Camera டிக்கை மட்டும் எடுத்துடுங்க. கேமரா சுவரைத் தாண்டிப் பார்க்கும், ஆனா கதவுலயும் தரையிலயும் அந்த சுவர் விழும், அதுல பட்ட வெளிச்சமும் திரும்ப லாபிக்குள்ள வரும். அந்த சுவர்ல ஏதாச்சும் வைங்க, ஒரு நோட்டீஸ் போர்டு, படிக்கட்டுக் கதவு, பச்சை KELUAR போர்டு. வெறும் வெள்ளைச் சுவர்னா கதவு திரும்பப் பலகைதான்.

மணி சொன்ன காரணம் சரி, வழிதான் சரியில்ல. ஜன்னல் இல்லாத லாபியில கதவுல நீல வானம் தெரிஞ்சா யார் நம்புவா, அதோட எதிர் சுவர் வந்துட்டா HDRI உள்ள நுழையவே வழியில்ல.

மணி
வானம் வேணாம்னா உள்ளறை HDRI இருக்கே அக்கா. சரி விடுங்க, தரைக்கு நான் சொன்னது?

ஷாமினி, பினாங்கு
டைலுக்கு Metallic எப்பவும் 0 தான் தம்பி. பாலிஷ் டைல் நேரா மேலிருந்து பார்த்தா ஏறக்குறைய 4 சதவீதம்தான் திருப்பிக் காட்டும், தூரத்துல சாய்வாப் பார்க்கப் பார்க்க ஏறிக்கிட்டே போகும். Metallic ஏத்தினா காலடியிலயும் கண்ணாடி மாதிரி அடிக்கும், அந்த வித்தியாசம் போயிடும். Roughness 0.08 கிட்ட வச்சு, ஒவ்வொரு டைலையும் கண்ணுக்குத் தெரியாத அளவு வேற வேற பக்கம் சாய்ச்சு விடுங்க, அரை டிகிரி கூட வேணாம். கதவோட பிம்பம் டைல் இணைப்புல லேசா உடைஞ்சு தெரியும், நெஜத் தரையில அப்படித்தான் இருக்கும்.

கவின், செந்தூல்
அக்கா, சுவரை வச்சு Camera டிக்கை எடுத்தேன், கதவுல படிக்கட்டுக் கதவும் பச்சை போர்டும் மங்கலா விழுது, இப்பதான் ஸ்டீல் மாதிரி இருக்கு, ரொம்ப நன்றி. ஆனா முனியாண்டி அண்ணே சொன்ன கோட்டுக்காக Anisotropic 0.7 வச்சா கதவு நடுவுல ஒளி சுழல் மாதிரி வருது. டிஸ்ப்ளே சிவப்பும் ரோஸ் கலந்த வெள்ளையா வெளுத்துப்போகுது.

ஷாமினி, பினாங்கு
சுழல் வர்றது Tangent ஒன்னும் கொடுக்காததால. Tangent நோட் போட்டு UV Map தேர்வு பண்ணி, ஷேடரோட Tangent-ல இணைங்க, கதவுக்கு UV நேரா விரிச்சிருக்கணும். சரியா வந்துச்சான்னு பிம்பத்துலயே பார்க்கலாம்: கோடு மேலிருந்து கீழ ஓடுற கதவுல பிம்பம் பக்கவாட்டுல இழுபடும், அதனால எதிர் சுவரும் தரையும் சேர்ற படுக்கைக் கோடு ஓரளவு தெளிவா நிக்கும், படிக்கட்டுக் கதவோட நிமிர்ந்த ஓரங்கள் கரைஞ்சு போகும். தலைகீழா வந்தா Anisotropic Rotation-ல 0.25 போடுங்க, 90 டிகிரி திரும்பிடும். அண்ணே சொன்ன அலைக்கு, Scale-ஐக் கம்மியா வச்ச நாய்ஸ் ஒன்ன பம்ப்ல ரொம்ப ரொம்பக் கம்மியா விடுங்க, கதவை நேரா பார்க்கும்போது அலை தெரிஞ்சா அது அதிகம்.

சிவப்பு வெளுக்கிறது AgX வேலை, ரொம்பப் பிரகாசமான நிறத்தை அது வெள்ளைப் பக்கம் தள்ளும். Emission-ஐ 2, 3னு இறக்குங்க, சுத்தி ஒளி பரவுறது வேணும்னா கம்போசிட்டர்ல Glare நோட்ல கொண்டு வாங்க.

கவின், செந்தூல்
சிவப்பு வந்துடுச்சு, 3A-ன்னு எழுதியாச்சு. கடைசியா சுவர்: சீலிங் ஓரத்துல ஒளிச்சு வச்ச எல்இடி பட்டை, சுவர்லேர்ந்து 5 சென்டி தள்ளி. மேல ஒரு அடிக்கு எரியுது, கீழ இருட்டு.

ஷாமினி, பினாங்கு
5 சென்டின்னா வெளிச்சம் சுவரை உரசிக்கிட்டு இறங்குது, மேல எரியத்தான் செய்யும். பட்டையை 30 சென்டியாவது தள்ளுங்க. அப்பவும் கீழ பத்தலன்னா, சுவர்லேர்ந்து சுவர் உயரத்துல மூணுல ஒரு பங்கு தள்ளி சீலிங்ல வால் வாஷர் வரிசை, உங்க 2.7 மீட்டருக்கு 90 சென்டி, ஒன்னுக்கொன்னும் ஏறக்குறைய அதே இடைவெளி. ஏரியா லைட் வச்சீங்கன்னா அது கதவுல அந்தரத்துல தொங்குற வெள்ளைக் கட்டமா விழும், அதுக்கு Ray Visibility-ல Glossy டிக்கை எடுத்துடுங்க.

மணி
ஆனா சுவர் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே அளவு இருந்தா போலியாத்தானே தெரியும்? நான் கீழ கொஞ்சம் இருட்டா விட்டுடுவேன்.

ஷாமினி, பினாங்கு
நானும் அப்படித்தான் விடுவேன், ஆனா டிசைனர் சீரா கேட்டிருக்காங்க. ரெண்டு மாதிரியும் எடுத்து அவங்ககிட்ட காட்டுங்க கவின், எதை எடுத்தாங்கன்னு இங்க போடுங்க.

முனியாண்டி, ஜெலுத்தோங்
தம்பி, கதவுக்குக் கீழ சில்லு போட மறந்துடாத. அலுமினியம், கதவு ஓடுறதுக்குக் காடி வெட்டி இருக்கும். அது இல்லாம கதவு டைல் மேல நிக்குற மாதிரி வரைஞ்சா எங்க ஆளுங்க பார்த்த உடனே சொல்லிடுவாங்க.