புதுப்பிப்பு: மதிப்பாய்வாளர்களுக்கு எழுதிய பதில் கடிதம்

என் முந்தைய கேள்வி: "மதிப்பாய்வாளர் கேட்பவற்றில் ஒன்று சரி, மற்றொன்றில் எனக்கு உடன்பாடில்லை. முகப்புக் கடிதத்தில் மரியாதை குறையாமல் எப்படி மறுப்பது?"

கடிதத்தை நேற்று அனுப்பிவிட்டேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பெண்களின் இரத்தசோகை பற்றிய கட்டுரை அது. ஹீமோகுளோபின் அளவைக் கடல்மட்ட உயரத்துக்கேற்பத் திருத்த வேண்டும் என்ற கருத்தை முழுமையாக ஏற்றேன். 1,000 முதல் 1,499 மீற்றர் வரையான உயரத்தில் லீற்றருக்கு 8 கிராம் கழிக்குமாறு உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டி கூறுகிறது. அதன்படி 125 என்று அளந்த பெண்ணுக்கு 117 வரும். கர்ப்பிணியல்லாதோருக்கான 120 என்ற எல்லைக்குக் கீழே அவர் வந்துவிடுவார். ஆகவே "திருத்தினோம்" என்பதோடு நிறுத்தாமல், மாறிய அட்டவணையின் பக்க, வரி எண்களையும் கடிதத்தில் குறித்தேன்.

இரு தோட்டங்களுக்கிடையே வேறுபாடு தெளிவாகாததால், வேறுபாடு இருந்தால் அதைக் கண்டறியும் வாய்ப்பான புள்ளியியல் பவரைக் கிடைத்த முடிவிலிருந்தே கணக்கிடுமாறு மதிப்பாய்வாளர் கேட்டார், அதை மறுத்தேன். மதிப்பாய்வாளரைப் பகைக்காமல் கணக்கிட்டுக் கொடுத்துவிடும்படி இங்கே ஒரு தம்பி சொன்னார். பகைக்கக்கூடாது என்பது சரி, ஆனால் அந்த எண் p-மதிப்பையே வேறு வடிவில் திருப்பிச் சொல்கிறது என்று பேராதனையில் கற்பித்த அக்கா விளக்கியதே எனக்குச் சரியாகப்பட்டது. "மாதிரி அளவு குறித்த தங்கள் கவலையை ஏற்கிறோம், அதற்கு நம்பக இடைவெளியே நேரடியாக விடையளிப்பதால் அதைச் சேர்த்துள்ளோம்" என்று எழுதினேன். நிதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைப் பற்றி இங்கே கேட்ட அண்ணாவுக்கு: உங்களுடையது மாதிரி அளவைத் தீர்மானிக்க ஆய்வுக்கு முன்பே செய்யும் பவர் கணக்கு, அது அவசியம்.

மறுப்பைக் கட்டுரையிலும் ஒரு வரியாகச் சேர்ப்பதா என்பதில் அக்காவும் நானும் இன்னும் உடன்படவில்லை.