10,206 காட்டிய லேப்டாப்

ஜெபின், நாகர்கோவில்

போன மாதம் வடசேரிப் பக்கம் ஒரு கடையில் லேப்டாப் வாங்கினேன். மேசையில் இரண்டு இருந்தன, இரண்டிலும் ஆர்டிஎக்ஸ் 4060 ஜிபியு. கடைக்காரர் 3டிமார்க் டைம் ஸ்பை என்ற வேகச் சோதனையை ஓட்டிக் காட்டினார். ஒன்றுக்கு 10,206, மற்றதற்கு 9,600 சொச்சம். நான் பெரியதை எடுத்தேன். கூட வந்த அஜின் பணம் போதாமல் சின்னதை எடுத்தான்.

வேலரன்ட் ஆடினால் எனக்குச் சராசரி நொடிக்கு 230 பிரேம் காட்டுகிறது. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் மோதும்போது 80-க்கு விழுந்து, படம் வெட்டி வெட்டி நகர்கிறது. குறி வைப்பதற்குள் செத்துக் கிடக்கிறேன். அஜினுக்குச் சராசரி என்னைவிடக் குறைவு, ஆனால் 140-க்குக் கீழே இறங்குவதே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஷீலா, தக்கலை

என் மகனும் அன்டுடு சோதனையில் பல லட்சம் காட்டுகிறது என்றுதான் ஒரு போன் வாங்கினான். பிஜிஎம்ஐ பதினைந்து நிமிடம் ஓடினால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது, அப்புறம் தயங்குகிறது. சோதனை சில நிமிடத்தில் முடிந்துவிடும், பிள்ளைகள் அப்படியா எழுந்து வருகிறார்கள்? உங்களுக்கும் சூடுதான் காரணம் தம்பி. அடியில் இரண்டு தடித்த புத்தகம் வைத்துப் பாருங்கள்.

தாசன், மார்த்தாண்டம்

லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். ஷீலா அக்கா போனைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் சூடு என்றால் ஆட்டம் கொஞ்ச நேரம் நன்றாகப் போய்ப் பிறகு சரியும். ஜெபின், உனக்கு முதல் ரவுண்டிலேயே விழுகிறதா? விழும் நேரத்தில் ஜிபியு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது? டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, கீழே என்ன எழுதியிருக்கிறது என்றும் சொல்.

ஜெபின்

முதல் ரவுண்டிலேயே விழுகிறது அண்ணே. ஜிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. கீழே `Slots used: 1 of 2` என்று இருக்கிறது. புத்தகமும் வைத்தேன், மாற்றமில்லை.

தாசன்

அப்படியானால் ஜிபியு சும்மா காத்துக் கிடக்கிறது. உன் லேப்டாப்பில் 16 ஜிபி ரேம் ஒரே குச்சியாக இருக்கிறது. டிடிஆர்5-4800 என்றால் ஒரு குச்சியில் நொடிக்கு 38.4 ஜிபி போகும், இரண்டில் 76.8. உன் பிராசசருக்கு ஒரு வழி அடைபட்டிருக்கிறது.

டைம் ஸ்பை இதைக் கண்டுகொள்ளாது. அதன் படக்காட்சிகள் 2560x1440-இல் ஜிபியுவைத்தான் பிழிகின்றன, ஜிபியு தன் சொந்த 8 ஜிபியில் வேலை பார்த்துக்கொள்கிறது. மொத்த மதிப்பெண்ணில் பிராசசரின் பங்கு 15 சதவீதம்தான். உன் முடிவுப் பக்கத்தில் `Graphics score` 10,900, `CPU score` 7,500 போல இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த 7,500 அப்படியே 9,000 ஆனாலும் மொத்தம் 10,206-இலிருந்து சுமார் 10,565-க்குத்தான் போகும். பிராசசர் 20 சதவீதம் ஏறியும் மேலே தெரியும் எண் மூன்றரை சதவீதம்தான் நகர்கிறது. வேலரன்ட்டோ ஜிபியுவிடம் அதிகம் கேட்பதில்லை, பிராசசரைத்தான் வாட்டுகிறது. அஜினுடையதில் இரண்டு குச்சி இருக்கும், கேட்டுப் பார்.

பிரைட், குளச்சல்

நான் ஒரு வருடமாக ஒரே குச்சியில்தான் ஆடுகிறேன். சைபர்பங்க் 2077, எல்லாம் உயர்ந்த அமைப்பில், 60-இல் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு குறையும் இல்லை. டைம் ஸ்பை எனக்கு உண்மையைத்தான் சொன்னது. கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம்.

தாசன்

நீ ஆடும் ஆட்டம் பெரும்பாலும் ஜிபியுவைத்தான் பிழிகிறது பிரைட். டைம் ஸ்பை அளப்பதும் அதையே. அதனால் உனக்குப் பொருந்துகிறது. கடையில் கேட்க வேண்டியது மொத்த எண்ணை அல்ல, நாம் ஆடும் ஆட்டத்தில் 1% லோ, அதாவது மிக மோசமான நேரத்தில் வரும் பிரேம், எவ்வளவு என்று. அது தெரியாவிட்டால் அதே ஆட்டத்தைக் கால் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லலாம். பல கடைகளில் இணையம் இல்லை என்று கைவிரிப்பார்கள், உங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள்.

ஷீலா

என் மகன் போனிலும் இன்னொரு குச்சி போடலாமா?

தாசன்

போனில் முடியாது அக்கா, ரேம் பலகையிலேயே ஒட்டியிருக்கும். 3டிமார்க்கில் வைல்டு லைஃப் ஸ்டிரெஸ் டெஸ்ட் இருக்கிறது, 20 சுற்று ஓடும். கடைசிச் சுற்றுகளில் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். அன்டுடு லட்சத்தைவிட அது பயன்படும்.

ஜெபின்

அதே வேகத்தில் இன்னொரு 16 ஜிபி வாங்கிப் போட்டேன். டைம் ஸ்பை 10,206-இலிருந்து 10,488 ஆகியிருக்கிறது, பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனால் மோதல் நேரத்தில் 80 இப்போது 125. ஆட்டம் தொடங்கும் முதல் சில நொடிகளில் மட்டும் இன்னும் ஒருமுறை சிக்குகிறது, அது ஏன் என்று புரியவில்லை. அஜினுடையதைத் திறந்து பார்த்தோம், இரண்டு 8 ஜிபிதான் இருந்தன. அவன் இன்னும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறான்.