இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு எதைக் குடிப்பது: இளநீரா, மோரா, உப்புக்கரைசலா, கடைப் பானமா?

அடையாறு ஓட்டக்காரன்
ஜனவரியில் அரை மாரத்தான் ஓடுவதற்காகச் சனிக்கிழமைகளில் காலை ஐந்தரை மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓடுகிறேன். வெறும் தண்ணீர்தான் எடுத்துச் செல்கிறேன். முடிக்கும்போது தலைவலியும் கெண்டைக்காலில் பிடிப்பும் வருகின்றன. பயிற்சியாளர் இளநீர் என்கிறார், நண்பன் எனர்ஜி டிரிங்க் என்கிறான், மனைவி ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கிறாள். எதை எடுத்துக்கொள்வது?

பொள்ளாச்சிக்காரர்
தம்பி, இதில் யோசிப்பதற்கு எதுவும் இல்லை. ஓடி முடித்தவுடன் வழுக்கை கட்டாத இரண்டு இளநீரைக் குடியுங்கள். அதில் இயற்கையான தாது உப்புகள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் தோப்பில் மரமேறுபவர்கள் நாள் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு இளநீரைத்தான் குடிக்கிறார்கள். நிறமூட்டிய சர்க்கரைத் தண்ணீருக்குப் பாட்டில் ஒன்றுக்கு நாற்பது, ஐம்பது ரூபாய் கொடுப்பதைவிட வழியில் விற்கும் இளநீர்க்காரருக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

இரும்புக்கை
இளநீர் நல்லதுதான், ஆனால் அதனால் யாரும் வேகமாக ஓடிவிடவில்லை. காஃபின் ஓட்டத்தின் களைப்பைக் குறைக்கிறது என்பது பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். இரண்டு மணி நேரம் ஓடுபவருக்குச் சர்க்கரையும் வேண்டும். இரண்டையும் ஒரே டின்னில் கொடுப்பது எனர்ஜி டிரிங்க்தான். சர்க்கரை என்றவுடன் எல்லாரும் பதறுகிறார்கள், ஆனால் தசைக்கு எரிபொருள் அதுதான்.

உடலியல் தேன்மொழி
ஓட்டக்காரருக்குப் பதில் சொல்வதற்கு முன்பு அவரிடமே இரண்டு விவரங்கள் கேட்க வேண்டியிருக்கிறது. ஓடுவதற்கு முன்பும் பின்பும், வியர்வையைத் துடைத்துவிட்டு, நனைந்த உடையைக் கழற்றிவிட்டு எடை பார்த்தீர்களா? கறுப்புப் பனியனோ தொப்பியோ அணிந்து ஓடினால், காய்ந்த பிறகு அதில் வெள்ளைக் கோடுகள் தெரிகின்றனவா?

இரும்புக்கை சொல்வதில் பாதி சரி. காஃபின் பலன் தருகிறது என்று காட்டிய ஆய்வுகளில் வழக்கமாகக் கொடுத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு மூன்று முதல் ஆறு மில்லிகிராம். எழுபது கிலோ ஆளுக்கு அது குறைந்தபட்சம் 210 மில்லிகிராம் ஆகிறது. நம் நாட்டில் இத்தகைய பானத்துக்கு லிட்டருக்கு 300 மில்லிகிராம்தான் உச்சவரம்பு என்பதால் 250 மில்லி டின் ஒன்றில் 75-க்கு மேல் இருக்காது. அந்த அளவை எட்ட ஏறக்குறைய மூன்று டின் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் குடிக்க வேண்டாம் என்று அதன் லேபிளே சொல்கிறது. அதோடு, அதில் சர்க்கரை நூறு மில்லிக்குப் பதினொரு கிராம் அளவில் இருக்கிறது. எட்டு கிராமைத் தாண்டினாலே வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குவது மெதுவாகிவிடும், ஓடும்போது வயிற்றில் குலுங்கும். காஃபின்தான் வேண்டுமென்றால் கிளம்புவதற்கு முன் டிகிரி காபி குடிக்கலாம்.

இரும்புக்கை
அப்படியென்றால் ஸ்போர்ட்ஸ் டிரிங்கில் ஆறு கிராம்தானே இருக்கிறது? அதை ஏன் யாரும் பரிந்துரைக்கவில்லை?

நங்கநல்லூர் மாமி
இளநீர் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கணவருக்கு வயது அறுபத்தெட்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனம். காலை நடைப்பயிற்சி முடிந்ததும் தினமும் இரண்டு இளநீர் குடித்து வந்தார். ஒரு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் பொட்டாசியம் 6.1 என்று வந்தது. உடனே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். இயற்கையானது, ஒன்றும் செய்யாது என்று சொல்லித்தான் நானும் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரை நோய்க்காரர்கள் மோர் குடிக்கலாமா என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

உடலியல் தேன்மொழி
மாமி, நீங்கள் சொன்னது இங்கே அவசியமாகத் தெரிய வேண்டிய ஒன்று. சிறுநீரகம் தளர்ந்திருப்பவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கி வைக்கும் சில வகை ரத்த அழுத்த மாத்திரைகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினசரி இளநீர் குடிப்பது ஆபத்து. சர்க்கரை நோய்க்காரர்களுக்குச் சர்க்கரை சேர்க்காத மோர் பொதுவாகப் பொருந்தும். ரத்த அழுத்தமும் இருந்தால் உப்பைத்தான் குறைக்க வேண்டும்.

பொள்ளாச்சி அண்ணா, உங்கள் இளநீரில் குறை இல்லை, ஆனால் அது நிரப்புவது வேறு பள்ளத்தை. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக இரண்டரை கிராம் உப்பு போகிறது, ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். பொட்டாசியமோ கால் கிராம் அளவுதான் போகிறது. ஒரு லிட்டர் இளநீரில் ஏறத்தாழ இரண்டு கிராம் பொட்டாசியம் இருக்கிறது, உப்பிலுள்ள சோடியமோ மிகக் குறைவு. ஓடியவர் இழந்தது ஒன்று, இளநீர் கொடுப்பது மற்றொன்று.

பொள்ளாச்சிக்காரர்
கணக்கைக் காகிதத்தில் போட்டால் அப்படித்தான் வரும், அம்மா. எங்கள் ஆட்கள் இளநீரோடு பழைய சோறும் உப்பிட்ட மாங்காயும் சாப்பிடுகிறார்கள், யாரும் மயங்கி விழுந்ததில்லை.

உடலியல் தேன்மொழி
நீங்களே விடையைச் சொல்லிவிட்டீர்கள், அண்ணா. உப்பு அந்த மாங்காயிலிருந்து வருகிறது. ஓடி முடித்து அரை மணி நேரத்தில் உப்புள்ள காலை உணவு சாப்பிடுபவருக்கு இளநீர் தாராளமாகப் போதும். இட்லி, சாம்பாரிலேயே வேண்டிய சோடியம் வந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் அது போதாமல் போகிறது.

அடையாறு ஓட்டக்காரன்
இந்தச் சனிக்கிழமை எடை பார்த்தேன். கிளம்பும்போது 68.4 கிலோ, திரும்பும்போது 66.6 கிலோ. நடுவில் 700 மில்லி தண்ணீர் குடித்தேன். தொப்பியின் விளிம்பில் உப்பளத்தின் கரைபோல வெள்ளையாகக் கோடு படிந்திருந்தது. இத்தனை நாள் அதைச் சோப்பு சரியாக அலசப்படவில்லை என்று நினைத்திருந்தேன்.

உடலியல் தேன்மொழி
எடை குறைந்தது 1.8, குடித்தது 0.7, ஆக வியர்வை சுமார் இரண்டரை லிட்டர். மணிக்கு ஒன்றேகால் லிட்டர் என்பது நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியப்பானதல்ல. உடல் எடையில் இரண்டரை சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறீர்கள். இரண்டு சதவீதத்தைத் தாண்டினாலே பலருக்கு வேகம் குறைகிறது. உப்பாகக் கணக்கிட்டால் ஆறு கிராம் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே கூடுதல்.

இனி இரும்புக்கையின் கேள்வி. ஸ்போர்ட்ஸ் டிரிங்க் அரை லிட்டரில் முப்பது கிராம் சர்க்கரை இருக்கும், அது ஓட்டத்துக்கு உதவும். ஆனால் உப்போ அரை கிராமை ஒட்டித்தான் இருக்கும். ஓ.ஆர்.எஸ். இதற்கு நேர் எதிர். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ் மட்டுமே. சோடியமும் குளுக்கோஸும் சம எண்ணிக்கையில் இருப்பதால் குடல் இரண்டையும் சேர்த்து உள்ளிழுக்கிறது, தண்ணீரும் கூடவே போகிறது. அதிலுள்ள சோடியம் நான்கு கிராமுக்கு மேற்பட்ட உப்புக்குச் சமம். வயிற்றுப்போக்குக்காக வடிவமைத்த அந்தக் கலவை இழந்ததை மீட்கச் சிறந்தது, ஆனால் எரிபொருள் அல்ல. ஆகவே ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக ஓடுபவருக்கு இவற்றில் எதுவுமே தேவையில்லை, தண்ணீர் போதும். இரண்டு மணி நேரம் ஓடுபவர் உப்பை ஓ.ஆர்.எஸ். கரைசலிலும் சர்க்கரையை இரண்டு பேரீச்சம்பழத்திலோ ஒரு வாழைப்பழத்திலோ பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

கரைப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். அது ஐந்து மடங்கு செறிவாகி, குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கும். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். கலவை கண்ணீரைவிட உப்பாகத் தெரிந்தால் தண்ணீர் குறைந்துவிட்டது என்று பொருள்.

இரும்புக்கை
கடையில் பழச்சாறுபோல அட்டைப்பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்று விற்கிறார்களே, கரைக்கும் தொல்லை இல்லாமல் அதையே வாங்கிவிடலாமே?

உடலியல் தேன்மொழி
அவற்றில் பல உலக சுகாதார நிறுவனக் கலவையே அல்ல, சர்க்கரை பல மடங்கு கூடுதலாக இருந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் தொடர்ச்சியாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தக் கலவைக்கு மாறான பானங்கள் தம் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. பழைய சரக்கு கண்ணில் பட்டால் பெயரைப் பார்க்காமல் உட்பொருள்களின் பட்டியலைப் பாருங்கள்.

பொள்ளாச்சிக்காரர்
மோரைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை. ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு, லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டால் உங்கள் பொட்டலத்தின் வேலையை அது செய்யாதா?

உடலியல் தேன்மொழி
பெரும்பாலும் செய்யும், இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். அந்த அளவில் மூன்று கிராம் உப்பு கிடைக்கிறது. 2016-இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், ஓய்வில் இருந்தவர்களுக்குப் பலவகைப் பானங்களைக் கொடுத்துச் சிறுநீரை அளந்தார்கள். உடலில் அதிகம் தங்கியவை ஓ.ஆர்.எஸ். கரைசலும் பாலும்தான், ஸ்போர்ட்ஸ் டிரிங்க் தண்ணீரிலிருந்து வேறுபடவே இல்லை. மோரை அவர்கள் சோதிக்கவில்லை, ஓடியவர்களையும் சோதிக்கவில்லை. ஆகவே உப்பிட்ட மோரும் அப்படியே நடந்துகொள்ளும் என்பது என் ஊகம் மட்டுமே. பாலின் புரதமும் சர்க்கரையும் மூன்று பங்கு தண்ணீரில் கரைந்துபோய்விடுகின்றன அல்லவா? ஓடும்போது மோர் சிலருக்குக் குமட்டும், வெயிலில் பாட்டிலில் புளித்தும்விடும். எனவே முடித்த பிறகு அதை வைத்துக்கொள்வேன்.

ஓட்டக்காரருக்கு ஓர் எச்சரிக்கை. இழந்தது இரண்டரை லிட்டர் என்பதற்காக இரண்டரையையும் குடித்துவிடாதீர்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனைக்கு உட்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடத் தாழ்ந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களே அதில் பெரிதும் மாட்டினார்கள். தண்ணீருக்குப் பதில் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் குடித்ததும் அவர்களைக் காக்கவில்லை. திரும்பி வரும்போது எடை சற்றுக் குறைந்தே இருக்க வேண்டும்.

அடையாறு ஓட்டக்காரன்
சொன்னபடி செய்து பார்த்தேன். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலும் 400 மில்லி தண்ணீரும் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன், இரண்டு பேரீச்சம்பழமும் சாப்பிட்டேன். கிளம்பும்போது 68.2, திரும்பும்போது 67.3. தலைவலி வரவில்லை. ஆனால் பதினெட்டாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் வழக்கம்போலவே பிடித்துக்கொண்டது.

பொள்ளாச்சிக்காரர்
அதற்குத்தான் இளநீர் என்றேன். பொட்டாசியம் குறைந்தால்தான் பிடிப்பு வரும்.

உடலியல் தேன்மொழி
அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, அண்ணா. ஓடுபவருக்கு வரும் பிடிப்பு உப்புக் குறைவாலா, களைத்த தசையை நரம்பு தவறாக இயக்குவதாலா என்பதில் ஆய்வாளர்களே இரண்டு அணியாக நிற்கிறார்கள். ஊறுகாய்ச் சாற்றை ஒரு வாய் குடித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிப்பு விடுவதாக ஒரு சோதனை காட்டியது. உப்பு ரத்தத்தில் சேர்வதற்கு அந்த நேரம் போதாது. ஓட்டக்காரரே, பதினெட்டாவது கிலோமீட்டருக்கு முன்பு வேகத்தைக் கூட்டினீர்களா?

அடையாறு ஓட்டக்காரன்
ஆமாம், பாலத்தில் ஏறும்போது ஒருவரைத் தாண்டினேன். அடுத்த வாரம் வேகத்தைக் கூட்டாமல் ஓடிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். இடுப்புப் பையில் எலுமிச்சை ஊறுகாய்ச் சாறு ஒரு சிறு சீசாவில் இருக்கும்.