ஏ.பி.எஃப்.சி. ரிலே ஒரு ஸ்டேஜைக்கூட எடுக்க மாட்டேங்குது (மண்டபம் ஐஸ் பிளாண்ட்)

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
வணக்கம். மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளாண்ட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். உப்புக் காற்றில் இன்கமர் சி.டி.யின் டெர்மினல் பச்சை பூத்து ஸ்க்ரூவே அரித்துப்போனதால், போன வாரம் வெளியாள் ஒருவரை வைத்துப் புது 200/5 சி.டி. மாட்டினோம். அதிலிருந்து ரிலே ஆட்டோவில் ஒரு கெப்பாசிட்டரையும் எடுப்பதில்லை.

கம்ப்ரஸர் ஓடும்போது ஈ.பி. மீட்டரில் பவர் ஃபேக்டர் 0.77. ரிலேயில் 0.94 `CAP` என்று காட்டுகிறது. டார்கெட் 0.98 வைத்திருக்கிறேன். 5, 10, 10, 15 என நாலு ஸ்டேஜ், மொத்தம் 40 கேவிஏஆர். மேனுவலில் போட்டால் நாலு காண்டாக்டரும் ஒழுங்காக எடுக்கின்றன. இப்படியே மாதம் முடிந்தால் பில்லில் அபராதம் வந்துவிடும். எங்கே பார்ப்பது?

கீழக்கரை வயர்மேன்:
சி.டி. மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் எஸ்1, எஸ்2 தலைகீழாக இருக்கும் அண்ணே. ரெண்டையும் மாற்றிக் கொடுங்கள், சரியாகிவிடும். எனக்கு இது நிறைய இடத்தில் வந்திருக்கு.

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
அதைச் செய்தாகிவிட்டது தம்பி. மாட்டிய அன்று மைனஸ் 0.94 காட்டியது. மெயினை ஆஃப் செய்து எஸ்1, எஸ்2 மாற்றினோம். அதற்குப் பிறகுதான் மைனஸ் போய் 0.94 `CAP` வந்தது. ஸ்டேஜ் மட்டும் எடுக்கவில்லை.

தொண்டி இறால் பண்ணை:
எங்கள் பண்ணையிலும் இதே ரிலே தொல்லைதான். ஏரேட்டரில் பாதியை நிறுத்தினாலும் எல்லா ஸ்டேஜையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது, விடுவதே இல்லை. ரிலேயை மாற்றிவிடலாமா?

பேனல் டெஸ்டிங் (ஓய்வு), பரமக்குடி:
தொண்டிக்காரரே, உங்களுடையது வேறு கோளாறு. ஒரு கெப்பாசிட்டரை மேனுவலில் போட்டுப் பாருங்கள். ரிலே காட்டும் ஆம்பியர் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால், உங்கள் சி.டி. கெப்பாசிட்டர் பிரியும் இடத்துக்குக் கீழே, லோடு பக்கம் இருக்கிறது. கெப்பாசிட்டர் கரண்ட்டைப் பார்க்காத ரிலே, இன்னும் பற்றவில்லை என்றே நினைக்கும். இன்கமரில் லோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து வரும் இடத்துக்கு சி.டி.யை நகர்த்த வேண்டும். ரிலேயை வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.

மண்டபம் தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். கிளாம்ப் மீட்டரில் இன்கமர் ஆம்பியர் எவ்வளவு, ரிலே எவ்வளவு காட்டுகிறது? அடுத்து, ஒரு 10 கேவிஏஆரை மேனுவலில் போடும்போது அந்த இரண்டும் எப்படி மாறுகின்றன?

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
சார், இரண்டிலும் 84 ஆம்ப். 10 போட்டதும் இரண்டிலும் 76 ஆகிறது. பவர் ஃபேக்டர் மட்டும் ரிலேயில் 0.94 `CAP`இல் இருந்து 0.88 `CAP` ஆனது.

பேனல் டெஸ்டிங் (ஓய்வு), பரமக்குடி:
இதிலேயே விடை வந்துவிட்டது. ரிலே சொல்வதுபோல் உண்மையிலேயே லீடிங்கில் இருந்திருந்தால், கெப்பாசிட்டர் போட்டதும் ஆம்பியர் ஏறியிருக்க வேண்டும். 84இல் இருந்து 76க்கு இறங்கியது என்றால் லோடு லேகிங்தான், ஈ.பி. மீட்டர் சொல்வது சரி. ஆம்பியர் ஒத்துப்போவதால் சி.டி. ரேஷியோவில் தப்பில்லை, வயர் அறுந்துபோகவில்லை, ஷார்ட்டிங் லிங்க்கும் கழற்றாமல் விட்டுப்போகவில்லை. ரிலே பார்க்கும் கோணம்தான் தப்பு.

எஸ்1, எஸ்2 மட்டும் தலைகீழாக இருந்தால் மைனஸ் 0.77 வரும். மாற்றிக் கொடுத்தால் 0.77 ஆகும். அந்த மாற்றம் குறியைத் திருப்புமே தவிர எண்ணை மாற்றாது. உங்களுக்கு 0.94 வந்தது, மாற்றிய பிறகும் அதே 0.94. அப்படியென்றால் சி.டி. வேறு பேஸில் உட்கார்ந்திருக்கிறது.

ஒற்றை சி.டி. வைக்கும் இந்த மாதிரி ரிலேக்களில் வழக்கமாக சி.டி. ஆர் பேஸில் இருக்கும், வோல்டேஜ் ஒய், பி இரண்டிலிருந்து வரும். லோடு யூனிட்டியில் இருந்தால் அந்த கரண்ட்டுக்கும் வோல்டேஜுக்கும் நடுவே 90 டிகிரி இருக்கும் என்று ரிலே கணக்கு வைத்திருக்கிறது. 0.77 என்பது சுமார் 40 டிகிரி லேகிங். சி.டி.யை ஒய்யில் மாட்டினால் ரிலேக்கு அது 160 டிகிரியாகத் தெரியும், அதுதான் நீங்கள் முதலில் பார்த்த மைனஸ் 0.94. எஸ்1, எஸ்2 திருப்பியதும் 20 டிகிரி லீடிங் ஆகிவிடும், அதுதான் இப்போது பார்க்கும் 0.94 `CAP`. ஏற்கெனவே லீடிங்கில் இருப்பதாக நினைக்கும் ரிலே எதற்குக் கெப்பாசிட்டர் எடுக்கப்போகிறது?

பேனலைத் திறந்து புது சி.டி. எந்த பஸ்பாரில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கீழக்கரை வயர்மேன்:
சார், `C/k` செட்டிங்கும் காரணமாக இருக்கலாமே? அது கூடிப்போனால் ரிலே எடுக்காது.

பேனல் டெஸ்டிங் (ஓய்வு), பரமக்குடி:
அதுவும் பார்க்க வேண்டியதுதான் தம்பி. 415 வோல்ட்டில் 5 கேவிஏஆர் கிட்டத்தட்ட 7 ஆம்ப் எடுக்கும். சி.டி. 200/5 என்பதால் அதை 40ஆல் வகுத்தால் 0.17. ஆனால் இங்கே 0.98ஐத் தொடக் கிட்டத்தட்ட 29 கேவிஏஆர் குறைகிறது. `C/k` கொஞ்சம் கூடியிருந்தாலும் இவ்வளவு பற்றாக்குறைக்கு ரிலே ஏதாவது ஒன்றை எடுத்திருக்கும். ஸ்க்ரீனில் `CAP` என்று இருக்கும்வரை அந்த செட்டிங்கைத் திருகிப் பயனில்லை.

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
சார், நீங்கள் சொன்னது அப்படியே. புது சி.டி. மஞ்சள் பஸ்பாரில் இருக்கிறது. பழையது சிவப்பில் இருந்த இடத்தில் போல்ட் தலை இடித்ததால், மாட்டியவர் பக்கத்து பாரில் போட்டிருக்கிறார். ரிலேக்கு வோல்டேஜ் இன்னும் ஒய், பி-யில் இருந்துதான் போகிறது. `C/k` 0.5இல் இருக்கிறது.

சி.டி.யைக் கழற்ற வேண்டும் என்றால் பார் ஜாயின்ட்டைப் பிரிக்கணும். போட்டுகள் கரைக்கு வரும் நேரம், அவ்வளவு நேரம் பிளாண்ட்டை நிறுத்த முதலாளி விட மாட்டார்.

பேனல் டெஸ்டிங் (ஓய்வு), பரமக்குடி:
சி.டி. அங்கேயே இருக்கட்டும். வோல்டேஜ் வயரை மாற்றினால் போதும். சி.டி. எந்த பேஸில் இருக்கிறதோ அதை விட்டு மற்ற இரண்டிலிருந்து எடுக்க வேண்டும். ஒய் இருந்த முனைக்கு பி, பி இருந்த முனைக்கு ஆர். எஸ்1, எஸ்2-வை முதலில் இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

இரண்டு விஷயத்தில் கவனம். சி.டி. வயரைத் தொடுவதானால் மெயின் ஆஃபில் இருக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்1, எஸ்2-வை முதலில் ஷார்ட் செய்ய வேண்டும். லோடு ஓடும்போது செகண்டரி திறந்துகொண்டால் அந்த முனைகளில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும். அடுத்தது, ரிலேயின் மேல் ஒட்டியிருக்கும் கனெக்‌ஷன் படத்தைப் பாருங்கள். சில மாடல்கள் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 240 வோல்ட் வாங்குபவை, அவற்றில் சி.டி.யும் வோல்டேஜும் ஒரே பேஸில் இருக்க வேண்டும். அதற்கு 415 கொடுத்தால் ரிலே எரிந்துபோகும்.

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
படத்தில் 415 என்றுதான் இருக்கிறது. மதியம் பத்து நிமிடம் மெயினை ஆஃப் செய்து மாற்றிவிட்டேன், `C/k` 0.17 வைத்தேன். ஆன் செய்ததும் 0.77 `IND` வந்தது. ஒரு நிமிடம் போல ஒன்றும் எடுக்கவில்லை, மனசு பதறிவிட்டது.

பேனல் டெஸ்டிங் (ஓய்வு), பரமக்குடி:
அது டிஸ்சார்ஜ் டைம். சார்ஜ் இறங்காத கெப்பாசிட்டரைத் திரும்ப லைனில் போட்டால் காண்டாக்டர் முனை ஒட்டிக்கொள்ளும், அதனால் ரிலே காத்திருக்கும். அதைக் குறைத்துவிடாதீர்கள்.

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
இல்லை சார், தொடவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக மூன்று ஸ்டேஜ் எடுத்து 0.98 `IND`இல் நின்றது. கிளாம்ப்பில் 66 ஆம்ப். ரொம்ப நன்றி சார்.

இன்னொரு சந்தேகம். ராத்திரி கம்ப்ரஸர் நின்று, பிரைன் டேங்க் அஜிடேட்டர் மட்டும் ஓடும்போது 6 ஆம்ப்தான். 0.6 காட்டுகிறது, ஆனால் எதையும் எடுப்பதில்லை.

கீழக்கரை வயர்மேன்:
அந்த மோட்டாரோடு சேர்த்து 3 கேவிஏஆர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள் அண்ணே.

பேனல் டெஸ்டிங் (ஓய்வு), பரமக்குடி:
அவசரம் வேண்டாம். அந்த லோடுக்குத் தேவை மூன்றரை கேவிஏஆர்கூட வராது, உங்கள் சின்ன ஸ்டேஜே 5. எடுத்தால் லீடிங் போய்விடும் என்பதால் விட்டிருக்கலாம். சி.டி. செகண்டரியில் 0.15 ஆம்ப்தான் வருகிறது, அதை ரிலே கணக்கில் எடுக்காமலும் இருக்கலாம். எது என்று உங்கள் மாடலின் புத்தகத்தில் குறைந்தபட்ச கரண்ட் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள்.