ஸ்கார்பரோ பேஸ்மென்ட் லீஸ்: டெபாசிட், நோட்டீஸ், ரிப்பேர் நிபந்தனைகளைக் கொஞ்சம் விளக்குங்களேன்

புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் பிடித்துப் போய்விட்டது. வாடகை 1,800 டாலர், செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை ஒரு வருஷ லீஸ். ஒன்டாரியோ அரசின் படிவத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் "கூடுதல் நிபந்தனைகள்" என்று மூன்று பக்கம் சேர்த்திருக்கிறார்கள். அதில் பயமுறுத்துவது இவை:

முதல் மாதம், கடைசி மாதம் போக 500 டாலர் டேமேஜ் டெபாசிட், 100 டாலர் சாவி டெபாசிட். காலி செய்ய 90 நாள் முன்னாடி சொல்லணும். வருஷம் முடிவதற்கு முன் போனால் இரண்டு மாத வாடகை அபராதம். லீஸோடு சேர்த்து N11 என்ற படிவத்திலும் இப்பவே கையெழுத்து. எந்த ரிப்பேர் வந்தாலும் முதல் 200 டாலர் என் பொறுப்பு. பனி அள்ளுவதும் நான்தான்.

ஊரில் பத்து மாச அட்வான்ஸ் கொடுத்துப் பழக்கம், அதனால் எது நியாயம் எது அநியாயம் என்றே தெரியவில்லை. நாளை மறுநாள் கையெழுத்து.

வாசுகி:
முதலில் ஒரு கேள்வி. சமையலறையோ குளியலறையோ வீட்டு ஓனரோடு பொதுவா? அதற்கான பதிலைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

புதுவரவு:
இல்லைக்கா, ரெண்டுமே எங்களுக்குத் தனி. வாசலும் தனி. துணி துவைக்கும் மெஷின் மட்டும் பொது. ஓனர் குடும்பம் மேல் மாடியில்.

வாசுகி:
நல்லது. ஓனரோடோ, அதே கட்டடத்தில் இருக்கும் அவருடைய துணை, பிள்ளை, பெற்றோரோடோ சமையலறை அல்லது குளியலறையைப் பகிர வேண்டிய வீடு என்றால், 2006-ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. துவைக்கும் மெஷின் அந்தக் கணக்கில் வராது. ஆக, சட்டம் உங்களுக்கு உண்டு.

இனி லீஸைப் படிக்கும் முறை. அரசுப் படிவத்தில் 8-ஆம் பிரிவு வாடகை டெபாசிட், 9 சாவி டெபாசிட், 13 பராமரிப்பும் ரிப்பேரும், 15 கூடுதல் நிபந்தனைகள். முன்பக்கங்கள் சட்டத்தை ஒட்டியே அச்சிடப்பட்டவை. நீங்கள் பயப்படுகிற எல்லாமே 15-இல் ஒட்டிய தாளிலிருந்து வருகிறது. அந்தத் தாளில் சட்டத்துக்கு முரணாக எது இருந்தாலும், இரு தரப்பும் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. படிவத்தின் 15-ஆம் பிரிவிலேயே அது எழுதியிருக்கிறது, படித்துப் பாருங்கள்.

டெபாசிட்: ஓனர் டெபாசிட்டாக வாங்கக்கூடியது ஒரு மாத வாடகை மட்டும். 1,800 டாலர், அவ்வளவுதான். அதைக் கடைசி மாத வாடகையாக மட்டுமே கழிக்க முடியும். சுவரில் கீறல், தரையில் கறை என்று அதிலிருந்து பிடிக்க முடியாது. அந்த 1,800-க்கு வருஷா வருஷம் உங்களுக்கு வட்டியும் தர வேண்டும், அரசு அறிவிக்கும் வாடகை உயர்வு விகிதத்தில். 2025-க்கு அது 2.5%, 2026-க்கு 2.1%. 2.1% என்றால் உங்கள் கணக்கில் வருஷத்துக்கு 37.80 டாலர். தொகை சின்னதுதான், ஆனால் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. வாடகை ஏறும்போது டெபாசிட்டையும் புது வாடகை அளவுக்கு உயர்த்தச் சொல்லி ஓனர் கேட்கலாம், அந்த வித்தியாசத்தில் இந்த வட்டியைக் கழித்துக்கொள்வது வழக்கம்.

500 டாலர் டேமேஜ் டெபாசிட் சட்டவிரோதம். சாவிக்கு வாங்கலாம், ஆனால் சாவியைத் திரும்பக் கொடுத்ததும் பணம் திரும்ப வரணும், தொகையும் புதுச் சாவிக்கு ஆகும் உண்மையான செலவைத் தாண்டக் கூடாது. சாதாரண கதவுச் சாவி இரண்டுக்கு 100 டாலர் ஆகுமா என்று நீங்களே கேளுங்கள்.

யாழ்_அண்ணா:
தம்பி, நோட்டீஸைப் பற்றி யோசிக்காதேங்கோ. 90 நாள் எண்டு எழுதினாலும் சட்டத்திலை 60 நாள்தான். எப்ப வேணுமெண்டாலும் 60 நாள் சொல்லிப்போட்டு வெளிக்கிடலாம். கடைசி மாசக் காசு அவையிட்டை இருக்குத்தானே, அது கழிஞ்சு போகும்.

வாசுகி:
அண்ணா, 60 நாள் என்பது சரி. "எப்ப வேணுமெண்டாலும்" என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். காலி செய்வதாக டெனன்ட் ஓனருக்குக் கொடுக்கும் N9 படிவத்தில் எழுதும் தேதி இரண்டு நிபந்தனையையும் சேர்த்து நிறைவு செய்ய வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 60 நாளாவது ஆகியிருக்கணும், அந்தத் தேதி வாடகை மாதத்தின் கடைசி நாளாகவும் இருக்கணும். வருஷ லீஸ் ஓடும்போது அது லீஸ் முடியும் நாளுக்கு முந்தியதாகவும் இருக்க முடியாது.

புதுவரவின் லீஸில் கணக்கிட்டுப் பார்ப்போம். ஆகஸ்ட் 31-இல் போக வேண்டும் என்றால் N9 ஓனர் கைக்குப் போக வேண்டிய கடைசி நாள் ஜூலை 2. ஜூலை 5-இல் கொடுத்தால் மூன்று நாள்தான் தாமதம், ஆனால் அடுத்து எழுதக்கூடிய தேதி செப்டம்பர் 30. அந்த மூன்று நாளுக்காக இன்னொரு 1,800 டாலர் கேட்கப்படலாம். தபாலில் அனுப்பினால் ஐந்தாம் நாள்தான் கிடைத்ததாகக் கணக்கு, அதனால் ஜூன் 27-க்குள் போட்டுவிடணும். கையில் கொடுத்தால் கொடுத்ததற்கு ஒரு படமாவது எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் "ஆகஸ்டில் போகிறோம்" என்று சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

பிப்ரவரி குட்டி மாதம் என்பதால் சட்டத்திலேயே ஒரு சலுகை உண்டு. ஜனவரி 1-இல் கொடுத்தால் பிப்ரவரி கடைசி நாள், பிப்ரவரி 1-இல் கொடுத்தால் மார்ச் 31, இரண்டும் செல்லும்.

போக விருப்பமில்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆகஸ்ட் 31-க்குப் பிறகு அதே நிபந்தனைகளோடு மாதா மாதம் தானாகத் தொடரும். புது லீஸில் கையெழுத்துப் போடாவிட்டால் வெளியேறு என்று சொல்ல முடியாது.

யாழ்_அண்ணா:
சரி, லீஸ் ஓடேக்கை வேலை மாறிப் போச்செண்டால்? இரண்டு மாச அபராதம் கட்டத்தானே வேணும்?

வாசுகி:
அப்படி நிலையான அபராதம் கிடையாது. நீங்கள் நடுவில் போனால் ஓனருக்கு உண்மையில் நட்டமான வாடகைக்குப் பொறுப்பாகலாம், ஆனால் அவரும் நட்டத்தைக் குறைக்க வேறு ஆளைத் தேட வேண்டும் என்பது சட்டம். வீட்டை சும்மா பூட்டிவைத்துவிட்டு மாதா மாதம் பில் அனுப்ப முடியாது.

இதைவிட நேரான வழி ஒன்று உண்டு. லீஸை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க அனுமதி கேட்டு எழுத்தில் எழுதுங்கள். யாருக்கு என்று பெயர் சொல்லாமல் பொதுவாகவே கேட்கலாம். அவர் மறுத்தாலோ, ஏழு நாளில் பதிலே தராவிட்டாலோ, நீங்கள் கேட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் N9 கொடுத்து, 30 நாள் நோட்டீஸில் வெளியேறலாம். அப்போது லீஸ் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அவர் சம்மதித்துவிட்டால் ஆளைத் தேடுவது உங்கள் வேலை.

N11-ஐப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். அது "இந்தத் தேதியில் காலி செய்ய இருவரும் ஒப்புக்கொண்டோம்" என்ற படிவம். லீஸ் போடும்போதே, வீடு தருவதற்கு நிபந்தனையாக வாங்கிய N11 செல்லாது (கல்லூரி மாணவர் விடுதி போன்ற சில இடங்கள் தவிர). ஆனாலும் தேதி போடாத தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பிறகு ஒருநாள் அதில் தேதியை நிரப்பி, நீங்களே மனமாரப் போட்டது என்று நீட்டினால், இல்லை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்.

மிசிசாகா_குமார்:
வாடகை வருஷத்துக்கு ஒரு முறைதான் ஏற்றலாம், 90 நாள் முன்னாடி எழுத்தில் சொல்லணும். அந்த 90 நாளைத்தான் லீஸில் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

புதுவரவு:
இல்லைங்க, "டெனன்ட் 90 நாள் நோட்டீஸ் தர வேண்டும்" என்றுதான் இருக்கு.

வாசுகி:
குமார் சொன்னது வாடகை உயர்வுக்கான விதி, அதுவும் சரியே. ஆனால் இந்த 90 வேறு, அது செல்லாது. 60-தான்.

ரிப்பேருக்கு வருகிறேன். வீட்டை நல்ல நிலையில், வசிக்கத் தகுந்ததாக வைப்பது ஓனர் கடமை. குடிவரும்போதே குழாய் ஒழுகியது உங்களுக்குத் தெரியும் என்றாலும் அந்தக் கடமை போகாது. வீட்டோடு தந்த ஃபிரிட்ஜ், அடுப்பும் அதில் சேர்த்தி. உங்கள் பொறுப்பு இரண்டே: சாதாரணச் சுத்தம், அப்புறம் நீங்களோ உங்கள் விருந்தாளியோ வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ செய்த சேதம். பழகித் தேய்ந்தது சேதம் ஆகாது. ஆகவே "முதல் 200 டாலர்" செல்லாது.

பனி விஷயம் கொஞ்சம் நுணுக்கம். நடைபாதையில் பனி அள்ளுவது பராமரிப்பில் சேரும், அதை லீஸ் நிபந்தனையாக டெனன்ட் மேல் தள்ள முடியாது என்று 2009-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவும் ஒரு பேஸ்மென்ட் வழக்குதான். நீங்கள் செய்ய விரும்பினால், கூலி எவ்வளவு என்று குறித்துத் தனி ஒப்பந்தமாகப் போடலாம்.

கோமதி:
ரிப்பேர் செய்யவில்லை என்று மட்டும் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். ஹீட்டர் வேலை செய்யாததற்கு நாங்கள் ஒரு மாதம் நிறுத்தினோம், உடனே வாடகை பாக்கிக்கான N4 நோட்டீஸ் வந்துவிட்டது. கட்டிய பிறகுதான் விட்டார்கள்.

வாசுகி:
மிகச் சரி. வாடகையைக் கட்டிக்கொண்டே போராடுவதுதான் பாதுகாப்பு. முதலில் படங்களோடு ஓனருக்கு எழுத்தில் சொல்லுங்கள், நியாயமான அவகாசம் கொடுங்கள். நகரவில்லை என்றால் 311-க்கு அழைத்து நகராட்சி ஆய்வாளரை வரவழையுங்கள். அவர் எழுதும் உத்தரவு நல்ல சாட்சி. பிறகு ஓனர்-டெனன்ட் தகராறுகளை விசாரிக்கும் வாடகை வாரியத்தில், பராமரிப்புக் குறைக்கான T6 விண்ணப்பம். சட்டவிரோத டெபாசிட்டைத் திரும்பப் பெற T1. T1-ஐப் பணம் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டுவிடணும். வாரியத்தில் விசாரணை தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அதையும் மனதில் வையுங்கள்.

புதுவரவு:
ரொம்ப நன்றி. இப்போ நடைமுறைக் கேள்வி. இதெல்லாம் செல்லாது என்றால் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, 500-ஐ அப்புறம் T1-இல் கேட்பதா? இல்லை இப்பவே நீக்கச் சொல்வதா? நீக்கச் சொன்னால் வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாரோ என்று பயம்.

யாழ்_அண்ணா:
போட்டுட்டு உள்ளுக்கை போங்கோ. வீடு கிடைக்கிறதே கஷ்டம்.

கோமதி:
எனக்கு அதில் உடன்பாடில்லை. மேலும் கீழுமாக ஒரே வீட்டில் இருக்கப் போகிறீர்கள். ஆறு மாதம் கழித்து வாரியத்துக்கு இழுத்தால் அதற்கப்புறம் முகம் கொடுத்துப் பேச முடியுமா?

வாசுகி:
இதில் சட்டம் ஒரு பக்கமும் சாயவில்லை, நீங்களே முடிவெடுக்க வேண்டியது. பாதி ஓனர்கள் எங்கிருந்தோ எடுத்த தாளை அப்படியே ஒட்டுகிறார்கள், அரசுப் படிவத்தைக் காட்டிக் கேட்டால் அந்த வரிகளை நீக்கிவிடுகிறார்கள். நான் என்றால் 500-ஐயும் N11-ஐயும் மட்டும் நீக்கச் சொல்லிக் கேட்பேன். 90 நாள், 200 டாலர், பனி எல்லாம் எழுத்தில் இருந்தாலும் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கொடுத்த பணத்தையும் போட்ட கையெழுத்தையும் திரும்ப எடுப்பது கஷ்டம்.

ஒருவேளை 500 கொடுத்தே தீர வேண்டும் என்றால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். இ-டிரான்ஸ்ஃபரில் அனுப்பி, செய்திக் கட்டத்தில் "டேமேஜ் டெபாசிட்" என்று எழுதுங்கள். 1,800-ஐத் தனியாக அனுப்பி "கடைசி மாத வாடகை டெபாசிட்" என்று குறியுங்கள். ரசீது கேட்டால் கட்டணமின்றித் தர வேண்டியது ஓனர் கடமை.

புதுவரவு:
சரிக்கா, நாளைக்கு அந்த இரண்டை மட்டும் கேட்கிறேன். இன்னொன்று: நாங்கள் புதுசு, இங்கே கிரெடிட் வரலாறு இல்லை என்று ஆறு மாத வாடகையை முன்கூட்டியே கேட்ட வேறொரு வீடும் இருக்கு. அது சரியா?

வாசுகி:
ஓனர் கட்டாயப்படுத்தி வாங்க முடியாது. டெனன்ட் தானாக முன்வந்து கொடுத்தால் எப்படி என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, வழக்குக்கு வழக்கு சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவாகிறது. அந்த வீட்டின் லீஸ் நகலைப் போடுங்கள், முகவரியை மறைத்துவிட்டு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.