சீரம் விளம்பரத்தின் முதல் மூன்று நொடி: நிறுத்திய வரியும் தங்கவைத்த வரியும்

விளம்பர வரி எழுதுபவர்:
வைட்டமின் சி சீரம் ஒன்றின் குறுங்காணொளிக்கு மூன்று தொடக்க வரிகளை ஒப்பிட்ட அனுபவத்தைப் பகிர்கிறேன். நான்காவது நொடியிலிருந்து மூன்று காணொளிகளும் ஒன்றேதான். இந்த வைட்டமின் காற்றும் ஒளியும் பட்டால் கெடும் என்பதையும், அதனால்தான் சீரம் காற்றுப் புகாத அடர்நிறப் புட்டியில் வருகிறது என்பதையும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் அது சொல்லும்.

"உங்கள் முகத்தில் கரும்புள்ளிகளா?" என்பது விற்பவர் விரும்பிய வரி. தளம் அதை ஏற்கவில்லை. பார்ப்பவருக்கு ஒரு குறை இருப்பதாக நேரடியாகச் சுட்டும் வாசகங்களைப் பெரிய தளங்களின் விளம்பர விதிகள் தடுக்கின்றன. கேள்வியாகக் கேட்டாலும் சுட்டுவது சுட்டுவதுதான்.

"கரும்புள்ளிக்கு இன்றே விடை!" என்ற இரண்டாவது வரியில் மிகப் பலர் கடந்து போகாமல் நின்றார்கள். ஆனால் "சில வாரங்கள்" என்ற சொல் வந்த இடத்தில் பார்வையாளர் வரைபடம் செங்குத்தாகச் சரிந்தது.

மூன்றாவதில் வெள்ளைத் தட்டில் பழுப்பு நிறச் சொட்டு ஒன்று விழுகிறது. குரல், "இந்த நிறம் வந்துவிட்டதா? பூசாதீர்கள்" என்கிறது. நின்றவர்கள் இரண்டாவதைவிடக் குறைவு. ஆனால் நின்றவர்களில் பெரும்பாலோர் இறுதிவரை இருந்தார்கள். ஏன் பூசக் கூடாது என்ற கேள்விக்கு அடுத்த நொடியே விடை கிடைத்ததுதான் காரணம் என்று கருதுகிறேன்.

புதிதாக வந்த உறுப்பினர்:
தொடக்க வரியில் எல்லாமே குரல்தான் என்பது என் அனுபவம். அழுத்தமான குரலில் சொன்னால் எந்த வரியும் நிற்கும்.

காணொளித் தொகுப்பாளர்:
நண்பரே, ஒலியுடன் பார்ப்பவர்களைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் ஏராளம். அவர்களுக்கு அந்த வரி எழுத்தாகத் திரையில் இருந்தாக வேண்டும். நான் தொகுத்த ஒரு சீரம் காணொளியில், வரியைத் திரையின் அடிப்பகுதியில் வைக்கச் சொன்னார்கள். அங்கேதான் கணக்கின் பெயரும் விளக்கமும் பொத்தானும் வந்து உட்காருகின்றன; கைபேசியில் பார்த்தபோது வரியின் பாதி மறைந்திருந்தது. நடுவிலிருந்து சற்று மேலே ஏற்றிய பிறகே படிக்க முடிந்தது.

நீளமும் முக்கியம். தமிழில் விகுதிகள் சேர்ந்து சொற்கள் நீண்டுவிடுவதால், மூன்று நொடியில் ஐந்தாறு சொற்களுக்கு மேல் நிதானமாகச் சொல்ல இயலாது. "பழுப்பு நிறமாக மாறிவிட்ட வைட்டமின் சி சீரத்தை முகத்தில் பூசாதீர்கள்" என்று யாராவது எழுதித் தந்தால் நான் திருப்பி அனுப்புவேன். நிறத்தைப் படம் காட்டட்டும், பொருளின் பெயரைத் திரை எழுத்து சொல்லட்டும், குரலுக்கு எஞ்சியது மட்டும் போதும். மேலே உள்ள வரி அதைத்தான் செய்திருக்கிறது.

வீட்டிலிருந்து சீரம் விற்பவர்:
நான் வாங்கி விற்கும் சீரம் வரும்போதே இளமஞ்சளாகத்தான் இருக்கிறது. அப்படியானால் அது கெட்டுப்போனதா? வாடிக்கையாளர்களுக்கு என்ன சொல்வது?

அழகுப் பொருள் ஆய்வகத்தில் பணிபுரிபவர்:
இளமஞ்சளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வைட்டமின் சி-யின் தூய வடிவமான அஸ்கார்பிக் அமிலம் கலந்த சீரம் புதிதாக இருக்கையில் நிறமற்றோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும். ஆக்சிஜனேற்றம் கூடக்கூட அடர்மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். ஆனால் தாவரச் சாறு சேர்த்தவை தொடக்கத்திலேயே நிறத்துடன் இருக்கலாம். ஆகவே வந்த நாளின் நிறத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பின்னர் ஒப்பிடுங்கள்.

இதனால்தான் அந்த வரியைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. நிறமுள்ள சீரம் எல்லாமே கெட்டது என்று பார்ப்பவர் எடுத்துக்கொண்டால் அது தவறான செய்தி. தட்டில் ஒரே சொட்டைக் காட்டாமல், அதே சீரத்தின் புதிய சொட்டையும் பழைய சொட்டையும் அருகருகே காட்டினால், வரியை மாற்றாமலே பொருள் துல்லியமாகிவிடும்.

விளம்பர வரி எழுதுபவர்:
இரண்டு சொட்டு என்ற யோசனையை ஏற்கிறேன். மறுபடி படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. "பூசாதீர்கள்" என்ற எச்சரிக்கையைக் கேட்டு இறுதிவரை பார்த்தவர்கள் வாங்கவும் வந்தார்களா, தங்கள் வீட்டிலுள்ள புட்டியைச் சோதித்துவிட்டு நகர்ந்துவிட்டார்களா என்பதைப் பார்வை நேரம் காட்டாது. இணைப்பைத் தொட்டவர்களின் விகிதம் இரண்டாவது வரியிலும் மூன்றாவதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எச்சரிக்கை வரியில் தொடங்கி விற்பனைவரை கணக்குப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.